கேஸுக்குக் கிடைத்த பச்சை

முதலாளியம்மா இருந்தார். கணக்குப் பார்க்கும் பெண் இருந்தாள். விற்பனைப் பிரிவுத் தலைவர் இருந்தார். சாயப் பிரிவுக்குத் தலைவன் என்று நானும் இருந்தேன்.

எங்கள் பட்டுக் கம்பெனியில் மாதா மாதம் இப்படி உட்காருவோம். அந்த மாதம் என் செலவு பட்ஜெட்டுக்குள் நின்றால், ஒழுகும் சாயப்பட்டறைக் கூரையை மாற்றித் தருவதாக முதலாளியம்மா சொல்லியிருந்தார்.

கணக்குப் பெண் அந்த மாதக் கணக்கைச் சுவரில் படமாகப் போட்டாள். சாதகம் என்றால் பச்சை, பாதகம் என்றால் சிவப்பு. விற்பனை பட்ஜெட்டைத் தாண்டியிருந்தது, பச்சை. அடுத்து என் பிரிவு. சாயத்தொட்டியைக் காய்ச்சும் கேஸ் பச்சை, சாயத்தூள் சிவப்பு, மொத்தமும் சிவப்பு. கூரை போனது என்று நோட்டை மூடி வைத்தேன்.

விற்பனைக்காரர் எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? கேஸு ஆறாயிரம் ஜாஸ்தி எரிச்சிருக்காரு, அதுக்குப் பச்சை. தூள்ல எட்டாயிரம் மிச்சம் பண்ணிருக்காரு, அதுக்கு சிவப்பு. சாயம் போடறவருக்கே சாயம் மாத்திப் பூசிட்டியே!"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஐயோ, கூடினா பச்சைன்னு விற்பனைக்குப் போட்டதையே செலவுக்கும் போட்டுட்டேன் சார். செலவு கூடினாதான் சிவப்பு வரணும்."

மாற்றினாள். மொத்தம் பச்சையானது.

"நீயாவது கேட்டிருக்கலாமேப்பா?" என்றார் முதலாளியம்மா.

"நூல் நிறம்னா கேட்டிருப்பேம்மா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"சரி, கூரையை மாத்திடுவோம். மொத்தத்துல மிச்சம் எவ்ளோம்மா?" என்று முதலாளியம்மா கணக்குப் பெண்ணைக் கேட்டார்.

இரண்டாயிரம் ரூபாய்.