மூடியிருந்த வால்வு

துறையின் பணிப்பதிவேட்டில் அவரைப் பற்றி இரண்டு வரி இருக்கிறது: "ஆய்வக உதவியாளர். கணினிகளைத் துடைத்தல், உறையிடுதல், மின் இணைப்பைச் சரிபார்த்தல். தொழில்நுட்ப அறிவு தேவையில்லை." இதை எழுதிய துறைத்தலைவருக்குத் தன் மடிக்கணினியைத் திரையோடு இணைக்கக்கூட இந்தத் 'தொழில்நுட்ப அறிவு தேவையில்லாதவர்'தான் வரவேண்டும். மாணவர்கள் அவரைப் 'பிளக் அக்கா' என்பார்கள். மைக்கைத் திறக்காமலே ஆன்லைன் வகுப்பெடுத்த துறைத்தலைவரை 'மியூட்' என்பார்கள், அவர் காதுக்கு எட்டாமல்.

இந்த முறை மாணவர் கருத்தரங்கை நடத்துபவர்கள் ஸ்லைடுகளை வாங்க மறுத்துவிட்டார்கள். பேசும் குரலும் அசையும் படமும் சேர்ந்த எட்டு நிமிட வீடியோதான் வேண்டும், வெள்ளி மாலை நான்கு மணிக்குள். பதினைந்து வருடமாக மியூட் ஓட்டிவந்த 'நீரேற்றும் பம்ப்' ஸ்லைடுகள் அக்காவின் மேசைக்கு வந்தன. அக்காவின் ஒப்பந்தம் அதே வெள்ளியோடு முடிகிறது. நீட்டிப்புக் கடிதம் மியூட்டின் மேசையில், பேப்பர் வெயிட்டுக்கு அடியில், கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

முதல் சண்டை குரல்பதிவில் வந்தது. ஒரு ஸ்லைடு மறைந்து அடுத்தது வருகிற நேரத்தில் குரல் பதிவாகாது. மியூட்டோ பொத்தானை அழுத்திய கையோடு பேச ஆரம்பித்தார். ஒவ்வொரு ஸ்லைடிலும் முதல் சொல் காணாமல் போயிற்று.

"சார், படம் நின்னதும் மனசுக்குள்ள ஒண்ணுன்னு எண்ணிட்டுப் பேசுங்க."

"எனக்கு எண்ணச் சொல்லித் தர்றியா? துடைக்கிற வேலையப் பாரு."

துடைக்கிற வேலையைத்தான் பார்த்தார் அக்கா. மியூட் பேசிய குப்பையைத் துடைத்து எட்டு ஸ்லைடுகளுக்கு அசைவும் நேரமும் வைத்தார். எந்தச் சொல்லுக்கு எந்த அம்பு, எத்தனை நொடி தாமதம், எத்தனை நொடி ஓட்டம் என்று நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டார்.

ஒன்பதாவதில் கை நின்றது. பம்பின் குறுக்குவெட்டுப் படம். கீழிருந்து நீர் வர ஒரு வால்வு, மேலே போக ஒரு வால்வு. இரண்டும் திறந்தபடி வரையப்பட்டிருந்தன. மியூட்டின் குரலும் கம்பீரமாக, "பிஸ்டன் உயரும்போது இரண்டு வால்வுகளும் திறக்கின்றன" என்றது. அசையாத படத்தில் பதினைந்து வருடம் யாரும் கேட்கவில்லை. அசைக்கப் போனால் நீர் எங்காவது போயாக வேண்டுமே!

வெள்ளி பதினொரு மணிக்கு, மியூட் சொன்னதை அவர் சொன்ன நொடியிலேயே செய்து காட்டினார் அக்கா. நீலப் புள்ளிகள் கிணற்றிலிருந்து ஏறின. மேல் குழாயில் இருந்தவையும் கீழே இறங்கின. பிஸ்டன் இறங்கியதும் பாதி கிணற்றுக்கே திரும்பியது. பம்ப் மூச்சுமுட்ட உழைத்தது. ஒரு சொட்டும் மேலே சேரவில்லை.

"அனிமேஷன் தப்பு," என்றார் மியூட்.

"அனிமேஷன் சரி சார். நீங்க சொன்னதத்தான் செய்யுது."

"கொழுப்பா? அந்த ஸ்லைட அசைக்காத. படமா அப்படியே விடு. குரல் ஓடட்டும்."

"பசங்க நம்பிடுவாங்களே சார். அந்த ஒரு ஸ்லைடு மட்டும் மறுபடி பேசுங்க. மத்ததெல்லாம் அப்படியே இருக்கும், குரல் ஸ்லைடு ஸ்லைடாத்தான் பதிவாகுது."

"நான் பேச மாட்டேன். நீ படமா விடல, இந்தக் கடிதம் குப்பைத்தொட்டிக்குப் போகும். புரியுதா?"

மியூட் கடிதத்தைத் தூக்கிக் காட்டியபோது அக்காவின் கணவர் போனில் கூப்பிட்டார். "கையெழுத்து ஆச்சா?"

"இல்லங்க. வால்வு மூடல," என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த மனிதர் வண்டி ஓட்டுபவர். அவர் மனதில் எந்த வால்வு ஓடியதோ.

மூன்று மணி ஆயிற்று. அக்கா ஸ்லைடுகளை வீடியோவாக மாற்றி ஏற்றவில்லை. "குரல் மாறாம நான் ஏத்த மாட்டேன் சார். வேணும்னா நீங்களே ஏத்திக்கோங்க," என்று மட்டும் சொன்னார். மியூட் தானே உட்கார்ந்து இருபது நிமிடம் பொத்தான்களோடு போராடி, எட்டாவது ஸ்லைடின் குரலை அழித்து, மீட்கவும் தெரியாமல் திருப்பிக் கொடுத்தார். அக்கா ஒரு பொத்தானில் அதை மீட்டார். அதுதான் மியூட்டை அதிகம் எரித்தது.

மூன்றரைக்கு மைக்கைப் பிடுங்கினார். ஒன்று எண்ணாமல்தான் தொடங்கினார். முதல் சொல் போயிற்று, போன சொல் 'எனவே' என்பதால் நஷ்டமில்லை. மேல் வால்வு மூடியிருக்கும் என்று திருத்திச் சொன்னார். கோபத்தில் பேசியதால் நாற்பத்தொரு நொடிப் பேச்சு இருபத்தாறில் முடிந்தது. அக்கா எல்லாத் தாமதங்களையும் மறுபடி குறைக்க வேண்டியதாயிற்று. நான்கு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் வீடியோ போய்ச் சேர்ந்தது.

கடிதத்தில் 'ஓராண்டு' என்பதை அடித்து 'மூன்று மாதம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார் மியூட். நன்றி சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை.

அக்கா செய்தது இவ்வளவுதான்: ஒன்பதாவது ஸ்லைடில், பிஸ்டன் உயர்கிற பதினொரு நொடிக்கு, மேல் வால்வை மூடி வைத்தார்.