வீட்டுக்கு வந்திருந்த அம்மா

லெட்டரைக் கல்லூரிக்குக் கொண்டுபோனது நான்தான். ஆங்கிலத்தில் இருந்ததால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. காய்ச்சல் அடிக்கும் கையால் என் மகள் எழுதினாள். அவள் அப்பா வாசலில் வேப்பிலை செருகிக்கொண்டே உள்ளே பார்த்துச் சொன்னார்: "இன்னா வேணா எழுதிக்கோ. அந்தப் பேர மட்டும் எழுதக்கூடாது. அம்மா கோவிச்சுக்குவாங்க."

எங்கள் பக்கம் அப்படித்தான். உடம்பில் முத்துப் போட்டால் நோய் என்று சொல்ல மாட்டோம். அம்மா வந்திருக்கிறாள் என்போம். தண்ணீர் ஊற்றி அனுப்பும்வரை வீட்டில் தாளிப்பது கிடையாது, வெளி ஆள் உள்ளே வருவது கிடையாது, டாக்டரிடம் போவதும் கிடையாது.

மகள் பி.காம். கடைசி வருஷம். ப்ராஜெக்டை அந்த வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் இன்டர்னல் மார்க் கிடையாது, அரியர் விழும். அரியர் விழுந்தால் படிப்பு போதும், மாப்பிள்ளை பார்க்கிறேன் என்று அவள் அப்பா வருஷ ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற ஆள்.

முதலில் அவள் போனில்தான் ப்ராஜெக்ட் கைடு சாருக்கு எழுதினாள். போனில் வரும் லீவு லெட்டரை ஏற்கமாட்டேன், பெற்றோர் கையெழுத்தோடு நேரில் வரவேண்டும் என்று அவர் க்ளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோருக்கும் தெரியும்படி பதில் போட்டார். அதனால் அன்றைக்கு உப்பளத்து வேலைக்குப் போகாமல் பஸ் ஏறினேன்.

நாலு பேர் மத்தியில் எனக்குக் கோர்வையாகப் பேச வராது. உப்பில் வெடித்த காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றேன். சார் உள்ளே வரச் சொன்னார். உட்காரச் சொல்லவில்லை.

"யாரு நீங்க?"

மகள் பெயரைச் சொல்லி, "அவளோட அம்மாங்க" என்றேன்.

லெட்டரைப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்துவிட்டு அடுத்த மேஜையில் இருந்த அம்மையாரைக் கூப்பிட்டார்.

"மேடம், இதக் கேளுங்க. 'மதர் ஹேஸ் கம் டு அவர் ஹவுஸ்.' அம்மா வீட்டுக்கு வந்திருக்காங்களாம். அதனால ப்ராஜெக்ட் முடிக்க முடியலயாம். டைம் வேணுமாம்."

"பாட்டி செத்தாங்கன்னு எழுதுவாங்க. இது புதுசா இருக்கே சார்."

"ஒருத்தனுக்கு இந்த செமஸ்டர்ல மட்டும் மூணு பாட்டி செத்தாங்க மேடம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க எங்கருந்து வந்தீங்க? துபாயா?"

"மரக்காணங்க."

"எப்ப வந்தீங்க?"

"இப்பதாங்க. பஸ்ல."

எல்லோரும் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விளங்காமல் நானும் கொஞ்சம் சிரித்துவைத்தேன். அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

"அம்மா வந்தா பொண்ணுக்கு ஒத்தாசதான? சமைச்சுப் போட்டு படிக்க விடலாம்ல? நீங்களே வந்து நின்னுக்கிட்டு டைம் கேட்டா எப்படி?"

அப்போதுதான் விஷயம் பிடிபட்டது.

"நான் இல்லீங்க சார். அம்மா வந்திருக்காங்க."

"அதான். நீங்கதான அம்மா?"

"இல்லீங்க. அம்மா. உடம்புல."

"யார் உடம்புல? உங்களுக்கு சாமி வருமா?"

மறுபடி சிரிப்பு. லெட்டரை நாலாக மடித்து என் பக்கம் தள்ளப்போனார். வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தால் மகளின் படிப்பு அந்த மேஜையிலேயே முடிந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு, மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அந்தப் பெயரைச் சொன்னேன்.

"சின்னம்மைங்க."

லெட்டர் அவர் கையிலிருந்து விழுந்தது. நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். அந்த அம்மையார் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தே போய்விட்டார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? வெளிய போங்க. வராண்டால நில்லுங்க."

வராண்டாவில் நின்றேன். அவர் கையில் ஏதோ மருந்தை ஊற்றித் தேய்த்துக்கொண்டே உள்ளேயிருந்து பேசினார்.

"மெடிக்கல் சர்டிபிகேட் எங்க?"

"டாக்டர்கிட்ட போகலீங்க. போகக்கூடாதுங்க."

"அப்ப எனக்கு எப்படித் தெரியும்? எச்.ஓ.டி. கேட்டா அம்மா வந்துட்டுப் போனாங்கன்னு சொல்றதா? இன்டர்னல் மார்க்க புதன்கிழமைக்குள்ள யுனிவர்சிட்டிக்கு ஏத்தணும். அதுக்கப்புறம் நானே நெனச்சாலும் முடியாது. செவ்வாய்க்கிழமை வரைக்கும் டைம் தர்றேன். சர்டிபிகேட் வேணும். புது லெட்டர் வேணும். நோயோட பேர எழுதணும். அவள அனுப்பிடாதீங்க. வைவாவுக்கு வந்தா போதும்."

வீட்டில் அதைவிட மோசம். என் வீட்டுக்காரர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா இருக்கும்போது ஊசி போட இட்டுனு போறியா?"

"ஊசி இல்ல. பேப்பர்."

"ஒரு பேப்பருக்கு அம்மாவ ரோட்டுல இழுத்துனு போவியா? கண்ணு போனா அந்த வாத்தியாரு குடுப்பானா?"

"அரியர் விழுந்தா நிறுத்திடுவேன்னு நீதான சொன்ன?"

"சொன்னேன். இப்பவும் சொல்றேன்."

"அப்ப வழிய விடு."

இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. அவர் விலகவில்லை. கொல்லைப் பக்கமாக மகளைக் கூட்டிக்கொண்டு போய் ஆட்டோவில் ஏற்றினேன். ஒரு கொத்து வேப்பிலையை அவள் மடியில் வைத்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மற்ற நோயாளிகளோடு உட்காரவிடாமல் எங்களைப் பின்பக்கம் போகச் சொன்னார்கள். டாக்டரும் தன் பங்குக்குத் திட்டினார். "கொப்புளம் கிளம்புனவொடனே வந்திருந்தா மாத்திர நல்லா கேட்டிருக்கும். காய ஆரம்பிச்சப்புறம் வந்து சர்டிபிகேட் கேக்குறீங்க." எழுதிக் கொடுத்தார்.

அந்தக் காகிதம் வீட்டுக்குள் வரக்கூடாது என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். புது லெட்டரை மகள் கொல்லையில் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து எழுதினாள்.

"ஏன்டி அன்னிக்கு அப்படி எழுதுன?" என்று கேட்டேன்.

"அப்பா அந்தப் பேர எழுதாதன்னுச்சு. அம்மாவுக்கு இங்கிலீஷ்ல மதர்னுதான வரும்? சாருக்கும் தமிழ்தான தாய்மொழி. புரிஞ்சுக்குவாருன்னு நெனச்சேன்."

ப்ராஜெக்டில் மிச்சம் இருந்ததைப் படுத்துக்கொண்டே போனில் அடித்து முடித்தாள். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து பைண்டிங் போட்டு, செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் ஒரு கவரில் கொண்டுபோனேன். இந்தத் தடவை யாரும் சொல்லாமலே வராண்டாவில் நின்றேன்.

சார் வாசலுக்கே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, கைக்குட்டையால் கவரைப் பிடித்து வாங்கினார். சர்டிபிகேட்டைப் படித்தார். லெட்டரில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று விரல் வைக்காமல் தேடினார். ப்ராஜெக்டைப் புரட்டினார். பேனாவை என்னிடமே நீட்டி, லெட்டரில் பெற்றோர் கையெழுத்து விட்டுப்போயிருப்பதைக் காட்டினார். போட்டுக் கொடுத்தேன். பேனாவைத் திருப்பி வாங்கி, ப்ராஜெக்டில் கைடு என்ற இடத்தில் அவரும் போட்டார்.

"என்ன, அம்மா ஊருக்குப் போயிட்டாங்களா?" என்றார். உள்ளே யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"இன்னும் இல்லீங்க சார். தண்ணி ஊத்துனாத்தான் போவாங்க. நேத்து ராத்திரி என் கையிலயும் ரெண்டு முத்து போட்டிருக்காங்க."

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். அதை மெதுவாக ஸ்டூலில் வைத்தார்.

"ப்ராஜெக்ட் ஓகே. மார்க் ஏத்திடுறேன்" என்றார். "அந்தப் பேனாவையும் எடுத்துட்டுப் போங்க."