இணைப்பில் இருந்த என் கொட்டகை

கல்வராயன் மலை ஊர்களில் புளி வாங்கி, சங்கராபுரத்துக்கு வெளியே என் கொட்டகையில் கொட்டை எடுத்துக் கட்டி விற்பது என் தொழில். சென்னையில் உள்ள ஒரு பெரிய மசாலா நிறுவனம் புதிய சப்ளையர்களைச் சேர்க்கிறது என்று கேள்விப்பட்டதும் நான் முதலில் சொன்னது என் தோழியிடம்தான்.

பள்ளியிலிருந்தே ஒன்றாக இருந்தவர்கள் நாங்கள். கள்ளக்குறிச்சியில் அவள் ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்து கொடுப்பவள். அவள் கணவருக்கு அங்கே மளிகை மண்டி. என் தாக்கல் எல்லாம் அவள் கையில்தான். எனக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத வராது. அவளே உட்கார்ந்து நிறுவனத்தின் கொள்முதல் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதினாள். பதிவுப் படிவம், ஜிஎஸ்டி சான்று, பான் அட்டை, உணவுப் பாதுகாப்பு உரிமம், கேன்சல் செய்த காசோலை, புளியின் ஆய்வக அறிக்கை, என்னிடம் வாங்கும் ஊறுகாய்க்காரர் கொடுத்த நற்சான்று, கொட்டகைப் படங்கள் என்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கொடுத்தேன்.

"அனுப்பிட்டேன்டி. நீ இனிமே பெரிய ஆளு" என்று சிரித்தாள்.

பதில் வரவில்லை. கேட்டபோதெல்லாம், "பெரிய கம்பெனி, லேட்டாத்தான் பாப்பாங்க. நீ இன்னாத்துக்குப் பதறிக்கினு கீற?" என்பாள். சீசன் முடிந்துவிடுமே என்ற பயத்தில் ஒரு நாள் நானே நிறுவனத்துக்குப் போன் செய்தேன். கொள்முதல் அதிகாரி தேடிப் பார்த்துவிட்டு, என் பெயரில் எந்த மெயிலும் வரவில்லை என்றார். முகவரியைத் தப்பாக அடித்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் கலந்து, எல்லாவற்றையும் நானே இணைத்து அனுப்பினேன்.

மறுநாளே அதிகாரி அழைத்தார். குரல் மாறியிருந்தது.

"மேடம், இதே நம்பர் போட்ட ஆய்வக அறிக்கை ஏற்கெனவே வேற சப்ளையர் பேர்ல எங்ககிட்ட இருக்கு. படங்களும் இதேதான். அவங்கள சப்ளையரா சேத்து வெண்டர் கோடும் கொடுத்தாச்சு. ரெண்டுல எது உண்மை?"

அந்தச் சப்ளையரின் பெயரைச் சொன்னார். என் தோழியின் கணவருடைய மண்டி.

என் கொட்டகை அது. படத்தில் குனிந்து கொட்டை எடுக்கும் பெண்கள் என்னிடம் வேலை செய்பவர்கள். அறிக்கையின் தலையில் மட்டும் பெயரை மாற்றியிருக்கிறாள். "எழுத்துல விளக்கம் அனுப்பறேன் சார்" என்று மட்டும் சொன்னேன்.

பஸ் பிடித்து அவள் வீட்டுக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எங்கூட்டுக்காரரு மண்டிய மூடற நெலமைல இருந்தாருடி. உனக்கு வேற கம்பெனி கெடைக்கும்னு நெனச்சேன்."

"ஒரு வார்த்த கேட்டிருந்தா சேந்து செஞ்சிருக்கலாமே?"

"சேந்தா? நீ மொதலாளி, நாங்க உங்கிட்ட கை கட்டிக்கினு நிக்கணும். இத்தினி வருசம் உன் கணக்க நாந்தானே பாத்தேன்? நீ மட்டும் மேல மேல போய்க்கினே இருப்ப."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் வெகு நாளாக உள்ளுக்குள் வைத்திருந்தாள் என்பது குரலிலேயே கேட்டது. இத்தனை நாள் என் ஆர்டர் ஒவ்வொன்றையும் அவளிடம்தான் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் சிரித்திருக்கிறாள். எந்தச் சிரிப்பு உண்மை என்று யோசித்தபடியே, அவள் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

மாதிரியை அனுப்பியது நான்தான் என்று ஆய்வகத்திடம் கடிதம் வாங்கி நிறுவனத்துக்கு அனுப்பினேன். அவர்கள் மண்டியின் பதிவை நிறுத்திவிட்டு, ஆள் அனுப்பிக் கொட்டகையைப் பார்த்தார்கள். வந்தவர் என் உரிமத்தின் அசலைக்கூட இரண்டு முறை புரட்டினார். நான் செய்யாத தப்புக்கு நான் சந்தேகிக்கப்பட்டேன். கடைசியில் எனக்கு வெண்டர் கோடு வந்தபோது சீசன் ஏறக்குறைய ஓய்ந்திருந்தது.

கணக்கை வேறொருவரிடம் மாற்றினேன். அவர் ஜிஎஸ்டி பாஸ்வேர்டு கேட்டார். எனக்கு அது தெரியாது. மாற்றலாம் என்றால் ஓடிபி அவள் எண்ணுக்குத்தான் போகும். பதிவு செய்த நாளில் அவள் எண்ணைக் கொடுக்கச் சொன்னவளே நான்தான். வேறு வழியில்லாமல் அழைத்தேன். அவள் போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்டேன். எண்களை ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

சொல்லி முடித்த பிறகும் போனை வைக்கவில்லை.

"சாப்ட்டியாடி?" என்றாள்.

பக்கத்தில் புதிய கணக்காளர் எண்ணுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நான் அழைப்பைத் துண்டித்துவிட்டு அவருக்கு எண்ணைச் சொன்னேன்.