அம்மாவுக்குக் கூலி

ஆயக்குடியில் எங்களுக்கு ஒரு கொய்யாத் தோப்பு இருந்தது. போன வருஷம் அதற்கு நல்ல விலை வந்தது. என் வீட்டுக்காரர் கொடுத்துவிடலாம் என்றார். ஒன்பதாவது படிக்கும் மகள் கொடுக்கக் கூடாது என்று அழுதாள். அந்த வாரம்தான் பள்ளியில் வியாபாரச் சந்தை வருகிறது, பிள்ளைகளே பொருள் செய்து விற்று லாபம் காட்ட வேண்டும் என்று சொன்னாள்.

"அப்ப கொய்யாவுல லாபம் இருக்குன்னு நீயே காட்டு சாமி. நெலத்தக் குடுக்கல" என்றார் அவர். விளையாட்டாகச் சொன்னாரா, தெரியவில்லை. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை முழுக்க ஜாம் காய்ச்சினோம். விதை நீங்க வடிகட்டி, அடிப்பிடிக்காமல் கிண்டி, எனக்குத் தோள் கழன்றுபோனது. இருபது பாட்டில் தேறியது. ஒன்று நாற்பத்தைந்து ரூபாய் என்று அவளே விலை வைத்தாள். சந்தையன்று நானும் கூடப் போனேன். மதியத்துக்குள் எல்லாம் விற்று, தொள்ளாயிரம் ரூபாய் கையில் வந்தது. சர்க்கரை, பாட்டில், எலுமிச்சை, கேஸ் எல்லாம் சேர்த்துச் செலவு நானூற்றைம்பது. மீதி லாபம் என்று எழுதினாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

கணக்குத் தாளைப் பார்த்த டீச்சர், "பழம் யாரு குடுத்தாங்க? கூட யாரு வேலை செஞ்சாங்க? அதையும் யோசிச்சு எழுது" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து மேசைக்குப் போனார்.

"நம்ம பழத்துக்கு எதுக்குடி காசு?" என்றேன் நான். தோப்புக்காரர் வீட்டில் எல்லோரும் சொல்வதுதான். சொந்தக் காயும் சொந்த உழைப்பும் எங்களுக்குச் செலவே இல்லை.

அவள் தாளைத் திரும்ப இழுத்துக்கொண்டாள். அன்றைய மார்க்கெட் விலைக்கு ஆறு கிலோ பழம், நூற்றைம்பது என்று எழுதினாள். அதன் கீழே, அம்மா கூலி முந்நூற்றைம்பது. கூட்டிப் பார்த்தால் ஐம்பது ரூபாய் நட்டம்.

சாயங்காலம் எங்களை அழைத்துப்போக வந்த என் வீட்டுக்காரர் தாளை வாங்கி இரண்டு தரம் படித்தார். "இம்புட்டு வருசமா இந்த ரெண்டையும் நான் எழுதவே இல்லியே" என்றார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் தோப்பு கைமாறியது. எனக்கு மகள்மீது கோபம் கோபமாக வந்தது. பத்திரம் முடிந்த அன்று கேட்டேவிட்டேன்.

"ஏண்டி, அந்தக் கூலிய மட்டுமாவது எழுதாம இருந்திருந்தா லாபம்னு ஆயிருக்குமே. தோப்பும் நின்னுருக்கும்."

"நின்னுருக்கும்மா. நீயும் கூலியில்லாம அங்கயே நின்னுருப்ப" என்றாள்.

சந்தைப் பணத்திலிருந்து முந்நூற்றைம்பதை எடுத்து என் கையில் வைத்தாள். அந்தத் தோப்பில் பதினெட்டு வருஷம் உழைத்ததில் எனக்குக் கிடைத்த முதல் கூலி அதுதான்.