கவனம் விட்டுப்போன இடம்

ஆஸ்பத்திரியில் யாருக்கு இங்கிலீஷில் நாலு வரி வேண்டுமென்றாலும் ரெகார்ட்ஸ் செக்ஷன் பத்மப்ரியாவைத்தான் தேடி வருவார்கள். திருத்தித் தா என்று கொடுத்தால் போதும், எழுதின ஆளையே காணாமல் அடித்துவிடுவாள். வெளிநாட்டில் பொதுச் சுகாதாரம் படிக்கும் ஸ்காலர்ஷிப்புக்காக நர்ஸ் ஜெபமலர் எழுதிய கடிதத்தையும் போன வருஷம் அப்படித்தான் செய்தாள். நேர்காணலில், "இந்த வரியில் என்ன சொல்ல வருகிறீர்கள்?" என்று கேட்டதும் ஜெபமலர் திருதிருவென்று விழித்தாள். வயசு வரம்பு இந்த வருஷத்தோடு சரி. இதுதான் கடைசி வாய்ப்பு.

இந்த முறை கடிதம் வந்தபோது பத்மப்ரியாவின் அப்பா பட்டாபி இதே ஆஸ்பத்திரியில் இறந்துபோய் மூன்று மாதம் ஆகியிருந்தது. அவள் அழவே இல்லை. கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினாள், ஃபைல் அடுக்கினாள், வீட்டுக்குப் போனாள். சாம்பாரில் உப்பு இருந்ததா என்று கேட்டால் தெரியாது.

"நேக்கு இப்போ ஒரு வரிகூட எழுத வராதுடீ," என்றாள் கேன்டீனில். "வேணும்னா ஒரு தடவை படிக்கறேன். மனசு எங்க விட்டுப்போறதோ அங்க கோடு போடறேன்."

'சிறு வயது முதலே சேவை மனப்பான்மை' என்ற இரண்டாம் வரியிலேயே பென்சில் விழுந்தது. வாங்கிய சான்றிதழ்களின் பட்டியலில் ஒரு கோடு. பல்கலைக்கழகத்துக்குப் பாடிய புகழில் ஒன்று. நடுவே, காய்ச்சலோடு இருந்த அம்மாவைப் பொன்முடி தேயிலை எஸ்டேட் லயத்து வீட்டிலிருந்து நடத்திக் கூட்டிவந்த அரை வரியில் மட்டும் பென்சில் சும்மா இருந்தது.

ஜெபமலர் முகம் தொங்கிப்போயிற்று. "நல்லாயில்லியா?"

"அது தெரியலை. இங்கெல்லாம் நான் வேற எங்கயோ போய்ட்டேன். இந்த அரை வரில மட்டும் இருந்தேன்."

"அப்ப என்ன எழுதணும்?"

"நோக்குன்னா தெரியும்."

பழைய பத்மப்ரியாவாக இருந்தால் அங்கேயே பேனாவைப் பிடுங்கியிருப்பாள். மனசு மரத்துப்போனதில் இப்படியும் ஒரு உபகாரம்.

அடுத்த வாரம் புதுக் கடிதம் அந்த மலைப்பாதையிலேயே தொடங்கியது. எந்த வளைவில் அம்மா உட்கார்ந்துவிட்டாள், தனக்கு அப்போது என்ன தெரியாமல் இருந்தது, அதனால் இப்போது எதைப் படிக்க வேண்டும் என்று போயிற்று. பென்சில் அசையவில்லை. கடைசிக்கு முந்தைய வரியில்தான் ஒரு கோடு விழுந்தது.

ஜெபமலர் எட்டிப் பார்த்தாள். "அய்யே, அது ஒன்னப் பத்தி எழுதுனதுல்லா! நீ இல்லாட்டி இந்தக் கடுதாசியே இல்லன்னு."

"ஆமாம். அங்கதான் விட்டுப்போச்சு."

ஜெபமலர் அந்த வரியை அடித்தாள். மனசைத் தேற்றிக்கொள், கோயிலுக்குப் போ என்று ஊரெல்லாம் சொன்னதை அவள் சொல்லவில்லை.

"எப்பத்துல இருந்துட்டி இப்பிடி?" என்று மட்டும் கேட்டாள்.

பத்மப்ரியா பென்சிலைக் கீழே வைத்தாள். "அப்பா ஃபைல் என் மேஜைக்கு வந்துதே, அன்னிலேர்ந்து. நம்பர் போட்டு நானே அடுக்கினேன்டீ."