கனகராஜின் கட்டைவிரல்

ஈப்போவில் கணினி பழுதுபார்க்கும் பிரமிளாவுக்கு மனிதர்களின் முகம் மறந்துவிடும். சர்க்யூட் போர்டின் முகம் மறக்காது. பழைய சாமான் விற்கும் வாட்சப் குழுவில் யார் படம் போட்டாலும், காசு கொடுப்பதற்கு முன் அவள் வாயைத்தான் பார்ப்பார்கள்.

ஒருமுறை 1050 Ti என்று ஒரு கிராபிக்ஸ் கார்டு வந்தது. “அந்தக் காலத்து விஜிஏ சாக்கெட் இருக்கே, இந்த வயசுக் கார்டுக்கு அது ஏது? கூலரைக் கழட்டிப் படம் போடு லா” என்றாள். போட்டார்கள். சிப்பில் GP107 இருக்க வேண்டிய இடத்தில் GF116 என்று பல வருடம் பழைய சிப்பின் எண் இருந்தது. கிழவனுக்குச் சாயம் பூசி மாப்பிள்ளையாக்கிய கதை. அன்றிலிருந்து குழுவில் அவள் வைத்ததுதான் சட்டம்.

போன மாதம் சுங்கை சிப்புட் கனகராஜ், கணினியில் கோப்புகளைச் சேமிக்கும் ஓர் எஸ்எஸ்டியைப் படமெடுத்துப் போட்டார். பகலில் லாரி மெக்கானிக், மாலையில் பழைய சாமான் வியாபாரி. பிரமிளா பெரிதாக்கிப் பார்த்தாள். கன்ட்ரோலர் சிப்பு மொழுமொழுவென்று இருந்தது. ஓர் எழுத்துகூட இல்லை. லேபிளின் பொடி எழுத்தெல்லாம் கரைந்து கிடந்தது. வழக்கமாக, வெளிச்சத்துக்குச் சாய்த்து இன்னொரு படம் கேட்பாள். அன்று கேட்கவில்லை. சட்டம் போடுகிறவர்களுக்குச் சில நாள் அவசரம் வரும்.

“சிப்பைத் தேய்ச்சிருக்காங்க. லேபிள் வீட்டு பிரிண்டர்ல அடிச்சது. போலி.”

அவ்வளவுதான். வாங்க வந்தவர் மறைந்தார். “அண்ணே, எங்களுக்குமா?” என்று குழுவே கேட்டது. கனகராஜிடம் இனி யாரும் ஒரு ஸ்க்ரூகூட வாங்கமாட்டார்கள்.

மறுநாள் அவர் கடைக்கே வந்து எஸ்எஸ்டியை மேசையில் வைத்தார்.

“தங்கச்சி, கண்ணால பாரு.”

பிரமிளா பூதக்கண்ணாடியை வைத்தாள். லேசரில் பொறித்த எழுத்து ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தது. ஆல்கஹால் தொட்டுத் தேய்த்தாள், அழியவில்லை. லேபிளில் முடி மாதிரிக் கோடுகள்கூடக் கூர்மையாக இருந்தன. கணினியில் சொருகி, சொன்ன கொள்ளளவு முழுக்க எழுதிப் படித்தும் பார்த்தாள். சுத்தமான சரக்கு.

“அப்ப அந்தப் படம் எப்படிண்ணே?”

“மக போன்ல எடுத்தேன்.”

பிரமிளா குழுவின் படத்தை மறுபடி திறந்தாள். இந்த முறை சிப்பைப் பார்க்கவில்லை. எஸ்எஸ்டியைப் பிடித்திருந்த கட்டைவிரலைப் பார்த்தாள். ரேகை இல்லை, கறை இல்லை, கல்யாணப் பெண்ணின் விரல். எதிரே நிற்பவரின் விரலிலோ கிரீஸ் குடியிருந்தது. நகத்தில் ஸ்பானர் விழுந்த வடு.

“அடோய்! உங்க மக போன்ல மூஞ்சி அழகாக்குற ஆப்பு இருக்கா?”

“இருக்கும் லா. நான் எடுத்த செல்பிலகூட எனக்கு இருபது வயசு. போன் நல்ல போன்னு நெனச்சேன்.”

அழகாக்கும் ஆப்பு பரு, தழும்போடு சிப்பின் எழுத்தையும் துடைத்துவிட்டிருந்தது.

பிரமிளா தன் போனில் புதுப் படம் எடுத்தாள், விரலோடு சேர்த்து. குழுவில் போட்டாள்: “ஒரிஜினல். நேத்து சொன்னது என் தப்பு. விரலையும் பார்த்திருக்கணும். கனகராஜ் அண்ணன் மன்னிக்கணும்.”

“மன்னிச்சாச்சு” என்றார் கனகராஜ், பக்கத்தில் நின்றுகொண்டே தட்டச்சு செய்து.

எஸ்எஸ்டி அன்றே விற்றுப்போனது. இப்போது அந்தக் குழுவில் யார் எதை விற்றாலும் சிப்புக்குப் பக்கத்தில் கட்டைவிரல் இருக்க வேண்டும். அதில் ரேகை தெரிந்தால்தான் பிரமிளா எழுத்தையே படிப்பாள்.