ஏழாவது ரொட்டிக்கு ஒரு வரி

யுத்தம் முடிந்து என் கணவர் அஸ்ஸாமிலிருந்து திரும்பி வந்தபோது, அவரிடம் இரண்டு கம்பளியும் ஒரு தகரப் பெட்டியும் ரொட்டி தின்கிற பழக்கமும் இருந்தன. பட்டாளத்துக்கு ரொட்டி சுட்டுப் போடும் பிரிவில் மூன்று வருஷம் இருந்தவர். நான் திருத்தணியில் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வாத்தியாரம்மா. மலையடிவாரத்துக்குச் சற்றுத் தள்ளி இரண்டு அறை வீடு. கொல்லையில் ஒரு வேப்பமரம். குழந்தைகள் இன்னும் இல்லை.

வந்தவர் அதிகம் பேசவில்லை. வேலை தேடினாரா என்று கேட்டால் தேடினேன் என்பார். அவருடைய அப்பா ரேணிகுண்டாவில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்தார். மாதம் ஒரு கடிதம் வரும். எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: வேலை கிடைத்ததா? இவர் படித்துவிட்டு அதை ஜன்னல் கம்பியில் செருகி வைப்பார். பதில் எழுதமாட்டார்.

அந்த வருஷம் ரேஷனில் அரிசியைக் குறைத்துக் கோதுமையைப் போட்டார்கள். எங்கள் தெருவில் யாருக்கும் அதை என்ன செய்வதென்று தெரியாது. கஞ்சி காய்ச்சிப் பார்த்தார்கள், உப்புமா கிண்டிப் பார்த்தார்கள். என் கணவர் அந்தக் கோதுமையைக் கையில் அள்ளி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதுல ரொட்டி சுடலாம்" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"மூணு வருஷமா அத்தான பண்ணிகினு இருந்தேன்?"

அவருக்குத் தெரிந்தது பாதிதான் என்பது போகப்போக விளங்கியது. பட்டாளத்தில் அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டவர். மாவைப் புளிக்க வைக்கிற சங்கதி வேறொருவர் கையில் இருந்தது. புட்டியில் நுரையாக ஏதோ வரும், அதை ஊற்றுவார்கள், மாவு எழும்பும். அந்தப் புட்டி திருத்தணியில் இல்லை. நுரைக்கிற கள்ளை ஊற்றினாலும் எழும்பும் என்று சொல்லக் கேட்டிருந்தார். கள்ளுக்கடை அப்போது திறந்திருந்தது.

முதல் ரொட்டிக்கு ஒரு மரமேறி செம்பில் கொண்டுவந்து கொடுத்தார். மாவு காலையிலிருந்து சாயங்காலம் வரை வைத்த இடத்திலேயே கிடந்தது. பிறகுதான் கேட்டோம். சுண்ணாம்பு தடவின பானையில் இறக்கிய பதநீர் அது. சுண்ணாம்பு பட்டால் புளிக்காது. சுட்டபோது செங்கல் மாதிரி வந்தது. இரண்டாவதுக்குச் சரியான கள் கிடைத்தது. ஆனால் சித்திரை வெயில். பிசைந்து மூடிவிட்டு மிஷன் கோயிலில் ஆராதனை முடிந்து வருவதற்குள் மாவு பொங்கி, உச்சிக்குப் போய், மறுபடி அமுங்கிவிட்டது. வாயில் வைத்தால் புளிப்பில் பல் கூசியது.

மூன்றாவதை மண்ணெண்ணெய் டின்னைப் படுக்க வைத்து, அடியில் கரியும் மேலே கரியும் போட்டுச் சுட்டார். ரொட்டி நன்றாகவே எழும்பியது. ஆனால் லாந்தர் விளக்கைக் கடித்த மாதிரி இருந்தது. நான்காவதுக்கு அதே டின்னைச் சாம்பல் போட்டு நாலு தடவை தேய்த்தேன். வாசனை போயிற்று. அடி கருகி, நடு பச்சையாக நின்றது. ஐந்தாவதில் நான் அவசரப்பட்டேன். யந்திரத்தில் அரைத்த மாவைச் சலிக்காமல் கொடுத்துவிட்டேன். தவிட்டோடு போன மாவு கனத்துப் படுத்துவிட்டது.

எங்கள் வீட்டு வாசலில் ஒரு செவலை நாய் படுத்திருக்கும். யாருடையதும் இல்லை. கெட்டுப்போனவை எல்லாம் அதற்குத்தான் போயின. ரேஷன் கோதுமை அது. எதிர்வீட்டம்மா பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் கேட்டும்விட்டாள். "இன்னாம்மா, நாயிக்கு ரொட்டி சுட்டுப் போடறீங்களா?" நான் சிரித்து வைத்தேன். உள்ளே வந்து அவரிடம் சொல்லவில்லை. அந்த வாரம் எங்களுக்குக் கேழ்வரகுக் கூழ்தான்.

டின் உதவாது என்று தெரிந்த பிறகு அவர் கொல்லையில் அடுப்பு கட்டினார். தரையில் செங்கல் பாவி, அதன்மேல் ஈர மணலைக் கவிழ்த்த கூடை மாதிரிக் குவித்து, களிமண்ணில் வைக்கோலைக் கலந்து அந்தக் குவியலின்மேல் ஒரு சாண் கனத்துக்கு அப்பினார். நிழலில் நாலு நாள், வெயிலில் ஒரு வாரம் காய்ந்தது. வாயை வெட்டி மணலைச் சுரண்டி எடுத்ததும் உள்ளே குகை மாதிரி நின்றது. விரிசலை ஈர மண்ணால் பூசிப் பூசி அடைத்தார். அந்தப் பதினோரு நாளும் அவர் விடியும்போதே எழுந்துவிடுவார் என்பதை நான் கவனித்தேன்.

ஆறாவது ரொட்டி அந்த அடுப்பில் பத்தே நிமிஷத்தில் மேலெல்லாம் கரியாயிற்று. சூடு அதிகம். அவர் கோபப்படவில்லை. அடுப்பு என்றால் அவருக்குத் தெரிந்த விஷயம்.

"அடுப்பு நல்லா இருக்குது. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

ஏழாவது ஆடி மாதத்து ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. மாவை மல்துணியில் இரண்டு தடவை சலித்தேன். கள்ளில் ஒரு துண்டு வெல்லத்தைக் கரைத்து, நுரை கட்டும்வரை பொறுத்து, மாவில் ஊற்றிப் பிசைந்தோம். அவர் கை ஓய்ந்தால் நான், என் கை ஓய்ந்தால் அவர். ஒரு சிட்டிகை மாவை எடுத்து விரலால் விரித்தால் கிழியாமல் சவ்வு மாதிரி நீள வேண்டும் என்றார். நீண்டது. ஈரத்துணி போட்டு நிழலில் வைத்தோம். இந்தத் தடவை அதன் பக்கத்திலேயே நான் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு பங்கானதும் விரலால் அழுத்திப் பார்த்தேன். குழி மெல்ல மெல்ல மேலே வந்தது. அமுக்கிக் காற்றை வெளியேற்றி, நல்லெண்ணெய் தடவின பிஸ்கட் டப்பாவில் போட்டு, இன்னொரு தடவை எழும்ப விட்டோம். அதற்கு முன் ஒரு கைப்பிடி மாவை அவர் தனியே கிள்ளிச் சின்ன ஜாடியில் வைத்தார். அடுத்த தடவைக்கு அதையே கலந்துகொள்ளலாம், கள் வேண்டியதில்லை என்றார்.

அதற்குள் அடுப்பில் கருவேலங்கட்டை ஒன்றரை மணி நேரம் எரிந்திருந்தது. கங்குகளை எல்லாம் வெளியே இழுத்துவிட்டு, கழியில் ஈரச்சாக்கைச் சுற்றித் தரையைத் துடைத்தார். பிறகு ஒரு சிட்டிகை மாவை உள்ளே வீசினார். உடனே கருத்தது. காத்திருந்தார். மறுபடி வீசினார். நான் இருபது எண்ணுவதற்குள் அது பொன்னிறமாயிற்று.

"ஆங், இப்ப வை" என்றார்.

டப்பாவை உள்ளே தள்ளி, வாயைப் பலகையாலும் ஈரச்சாக்காலும் அடைத்தோம். பட்டாளத்துக் கைக்கடிகாரத்தில் நாற்பது நிமிஷம். வெளியே எடுத்து, கவிழ்த்து, அடியில் விரல் முட்டியால் தட்டினார். காலிப் பெட்டியைத் தட்டின மாதிரிச் சத்தம். உடனே வெட்டக்கூடாது என்று துணியில் சுற்றி வைத்தார். சூடு ஆறும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பிறகு ஓரத்தில் ஒரு துண்டு அறுத்தார். உள்ளே சின்னச் சின்னக் கண்கள், ஒரே சீராக. நின்றபடியே தின்றார். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். நன்றாக இருந்தது.

அந்தச் சமயம் ஆடிக் கிருத்திகைக்கு ஊர் நிரம்பியிருந்தது. காவடி எடுத்து வருகிறவர்களைப் படம் பிடிக்க அரக்கோணத்திலிருந்து ஒரு போட்டோக்காரர் அடிவாரத்தில் துணி கட்டி உட்கார்ந்திருந்தார். மிச்ச ரொட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, "வா, ஒரு படம் எடுத்துக்கலாம். நைனாவுக்கு அனுப்பணும்" என்று கூப்பிட்டார் கணவர். அவர் தம் அப்பாவுக்கு எதையாவது அனுப்ப வேண்டும் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மொட்டையடித்த குடும்பங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். நடுவில் ரொட்டி.

மூன்றாம் நாள் வரச்சொன்னார் போட்டோக்காரர். போனபோது படத்தைக் கறுப்பு அட்டையில் ஒட்டி வைத்திருந்தார். கீழே ஒரு விரல் அகலம் இடம் விட்டிருந்தது. அங்கே வெள்ளை மசியால் ஒரு வரி எழுதித் தருவார். மற்றவர்களுக்கெல்லாம் ஊர்ப் பெயரும் கிருத்திகையும் எழுதுவாராம்.

"உங்களுக்கு இன்னா எழுதறதுங்க?" என்று கேட்டார்.

கணவர் தயாராக இருந்தார். "சொந்த அடுப்பில் சுட்ட முதல் ரொட்டி."

எனக்கு அது பிடிக்கவில்லை. ஏதோ அறிக்கை மாதிரி இருந்தது. வேலை கிடைத்ததா என்று கேட்டுக்கொண்டிருக்கிறவருக்கு அப்படி ஒரு வரி போனால் அவர் இன்னும் இறுகிப்போவார் என்று நினைத்தேன். "சந்தோஷமா ஒண்ணு எழுதலாமே" என்றேன். "ஏழாவது எங்களுக்கு, முந்தின ஆறும் நாய்க்கு."

போட்டோக்காரர் சிரித்துவிட்டார். கணவர் சிரிக்கவில்லை.

"ரேஷன் கோதுமைய நாயிக்குப் போட்டேன்னு நீயே எழுதிக் குடுக்கிறியா? நைனா இன்னா சொல்வாரு?"

"மறைச்சா மட்டும் கோதுமை திரும்பி வந்துடுமா? ஆறு தடவை கெட்டுதுங்க. நீங்க விட்டுடலையே. அது தெரியட்டும்."

அவர் எழுந்து துணிக்கு வெளியே போய்விட்டார். படிக்கட்டில் ஏறுகிறவர்களைப் பார்த்தபடி நின்றார். போட்டோக்காரர் பேனாவை மசியில் தோய்த்துக் கையில் பிடித்தபடியே இருந்தார். அதிகம் சொல்லிவிட்டோமோ என்று எனக்குத் தோன்றியது. கணவர் சொன்ன வரியையே எழுதச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் உள்ளே வந்தார்.

"ஆறு இல்ல" என்றார். "மூணாவத நாய் தின்னல. மோந்து பாத்துட்டுப் போய்டுச்சு. பொய் எழுதக்கூடாது."

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பட்டாளத்திலிருந்து வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. போட்டோக்காரர் எழுதினார்: 'ஏழாவது ரொட்டி எங்களுக்கு! ஐந்து நாய்க்கு, ஒன்று குப்பைக்கு.' கடைசி எழுத்துகளை நெருக்கி எழுதவேண்டியிருந்தது.

அட்டையைத் தபாலில் அனுப்பிவிட்டு இரண்டு வாரம் காத்திருந்தோம். தபால்காரர் தெருமுனை திரும்பும்போதெல்லாம் கணவர் கொல்லைக்குப் போய் அடுப்பில் விரிசல் பார்ப்பார். ஒரு கார்டு வந்தது. வழக்கமான கேள்வி அதில் இல்லை. 'எட்டாவது யாருக்கு?' என்று மட்டும் இருந்தது. கீழே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருவதாக ஒரு வரி.

மாமனார் வந்தார். ஜாடியில் தினம் கொஞ்சம் புது மாவு சேர்த்துக் காப்பாற்றி வைத்திருந்த பழைய மாவைக் கலந்து சுட்ட ரொட்டியை ஆட்டுக்கறிக் குழம்பில் தோய்த்துத் தின்றார். பிறகு கொல்லைக்குப் போய் அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். பலகைக்குப் பதில் இரும்புத் தகட்டில் ஒரு கதவு அடித்துத் தருவதாகச் சொன்னார். அளவை ஒரு நூலில் முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டார். வேலையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

புரட்டாசியில் கணவருக்கு ஓர் ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் வேலை கிடைத்தது. எழுதிப் போட்ட மனுவோடு அந்தப் படத்தின் இன்னொரு பிரதியையும் வைத்திருந்தார் என்பதை நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அதிலும் நாயும் குப்பையும் வந்த அந்த வரியை அவர் மாற்றியிருக்கவில்லை.